நாளுக்கு ஒரு சாமான்

(தோட்ட மாதர் சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் எமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நாம் பேசப் போவது, நமது காம்பராக்களில் சேர்ந்து கிடக்கும் சாமான்களைப் பற்றி. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஐந்து பேர், ஆறு பேர் படுக்கிறோம். கட்டிலுக்குக் கீழே பார்த்தால் கால் ஒடிந்த கதிரை, டீவி வந்த பெட்டி, பெரியவனுக்குச் சிறுத்துப் போன சப்பாத்து, மூடியில்லாத பிளாஸ்டிக் வாளி. இஸ்தோப்பிலே பழைய படங்கும் ஓட்டை விழுந்த கொழுந்துக் கூடையும். படிக்கிற பிள்ளைக்கு மட்டும் கொப்பியை விரித்து வைக்க இரண்டடி இடம் இல்லை.

இதைச் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் நாம் ஒத்துக்கொள்ள மாட்டோம். "ஒரு நாளைக்கு உதவும்" என்று எடுத்து வைக்கிறவர்கள் யார்? மறுபடி வாங்கக் கையில் காசு இருக்குமோ என்று சந்தேகப்படுகிறவர்கள்தான். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆகவே நமக்கு ஏற்ற முறை, அந்தப் பயத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இது விஷயமாக உலகத்திலே இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஜப்பான் நாட்டு மரி கொண்டோ என்கிற பெண்மணியின் புத்தகம் 2014ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வந்து உலகமெல்லாம் விற்றது. அவர் சொல்வது, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் முடியாது. உடுப்பென்றால் வீட்டிலுள்ள உடுப்பு முழுவதையும் ஒரே இடத்தில் கொட்டி, ஒரே மூச்சில் தீர்மானித்து முடி என்பது. அமெரிக்காவில் இரண்டு நண்பர்கள் வேறொரு விளையாட்டைப் பரப்பினார்கள். முதல் நாள் ஒரு சாமான், இரண்டாம் நாள் இரண்டு, முப்பதாம் நாள் முப்பது. கூட்டிப் பார்த்தால் மாதத்தில் 465 சாமான் வெளியே போகும்.

நமக்கு இந்த இரண்டும் சரிவராது. உடுப்பையெல்லாம் கொட்டி வைக்கக் காம்பராவில் இடம் எங்கே? கொட்டினால் இரவு எங்கே படுப்பது? மலையிலிருந்து நாலரை மணிக்கு வந்து, தண்ணீர் எடுத்து, அடுப்பை மூட்டுகிற தாய்க்கு ஒரே மூச்சு ஏது? 465 சாமானைக் கொடுத்துவிட்டால் நம்மில் பல வீடுகளில் மிஞ்சுவது சுவர்தான். ஆகவே நாளுக்கு ஒன்றே ஒன்று. ஐந்து நிமிஷம். மாதம் முடிய ஓர் எண்ணிக்கை. இதை ஒரு வீட்டில் செய்து முடித்ததை நாம் பக்கத்திலிருந்து பார்த்தோம். அந்த வீட்டின் கதையைச் சொன்னால் முறை தானாக விளங்கும்.

அந்த வீடு கல்முனைப் பக்கம், சாய்ந்தமருதில் இருக்கிறது. எமது ராத்தாவின் வீடு. அந்தக் கரையோர ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குப் புதுமையாக இருக்கலாம். அங்கே பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மகளுக்குக் கலியாணம் என்றால் வீட்டை மகளின் பேருக்குக் கொடுப்பார்கள். பல குடும்பங்களில் தாய் தகப்பன், தாம் இருந்த வீட்டையே மூத்த மகளுக்கு விட்டு, மற்றப் பிள்ளைகளோடு அதே வளவில் இன்னொரு சின்ன வீட்டுக்கு மாறுவார்கள்.

ராத்தாவின் மகளுக்குக் கலியாணம் பேசி முடித்தபோது கையில் நாலு மாதம் இருந்தது. இரண்டு அறையும் மண்டபமும் உள்ள வீட்டிலிருந்து பின்வளவில் ஓர் அறை வீட்டுக்குப் போக வேண்டும். முப்பது வருஷச் சாமானுக்கு அங்கே இடமில்லை. மகளோ, "உம்மா, எல்லாத்தையும் ஒரு லொறியில ஏத்தி அனுப்புங்க" என்றாள். ராத்தாவுக்கு அது பொறுக்கவில்லை. மூன்று நாள் தாயும் மகளும் முகம் பார்த்துப் பேசவில்லை. அப்போதுதான் நாளுக்கு ஒன்று என்று ஒப்பந்தமானது. எந்தச் சாமான் என்பதை ராத்தா தீர்மானிப்பார். படம் பிடித்துக் கணக்கு எழுதுவது மகளின் வேலை.

முதல் நாளில் எதையும் வெளியே அனுப்பவில்லை. வீட்டிலுள்ள கடதாசிகளை ஒதுக்கினார்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி, வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போய், உறை அலுமாரியின் மேல்தட்டுக்குப் போனது. அந்தக் கரை ஊர்களுக்கு இதன் அருமை தெரியும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபோது இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். தப்பியவர்களும் கடதாசி எதுவும் இல்லாமல், தாங்கள் இன்னார்தான் என்று நிரூபிக்க அலைந்தார்கள்.

நாமும் அங்கேதான் தொடங்க வேண்டும். சம்பளத் துண்டு, ஈ.பி.எப்., ஈ.டி.எப். கடிதங்கள், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம் இவை பழைய கடதாசி அல்ல. ஓய்வு பெறுகிற நாளில் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் இந்தக் கடதாசிகளைத்தான் கேட்பார்கள். இவற்றை ஒதுக்கி முடிக்கும்வரை வீட்டிலுள்ள எந்தக் கடதாசிக் கட்டையும் போத்தல் பேப்பர்காரரிடம் கொடுக்கக் கூடாது.

இரண்டாம் நாளிலிருந்து ஒழுங்கு இப்படி. பின்னேரம் தேத்தண்ணிக்குக் கேத்தல் வைத்தவுடன் ராத்தா ஒரு சாமானை எடுப்பார். தண்ணீர் கொதிக்கும் நேரம்தான் தீர்மானிக்கிற நேரம். முதல் வாரம் உடைந்தவை, இரண்டாம் வாரம் ஒன்றுக்கு இரண்டாக உள்ளவை, மூன்றாம் வாரம் பிள்ளைகளுக்குச் சிறுத்தவை. மனசு ஒட்டியிருக்கிற சாமான்கள் கடைசிக்கு. இந்த வரிசை முக்கியம். முதல் நாளிலேயே தாயின் சீலையைக் கையில் எடுத்தால் அன்றைக்கே வேலை நின்றுபோகும். பதினைந்து நாள் உடைந்த கோப்பையிலும் இரட்டைச் சட்டியிலும் பழகிய கைக்கு, பிறகு வருகிற கஷ்டமான சாமானிலும் முடிவெடுக்க வரும்.

வீட்டிலுள்ள மற்றவர்களின் சாமானைக் கேட்காமல் தொடுவதில்லை என்று ஒரு கட்டுப்பாடும் வைத்தார்கள். ராத்தாவின் மூத்த மகன் கட்டாரில் வேலை செய்கிறான். அவனுடைய பழைய கிரிக்கெட் மட்டையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "கொடுக்கவா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்றான். மட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அதே அலுமாரியிலிருந்த பத்துச் சட்டையில் எட்டைக் கொடுக்கச் சொல்லி அவனே பதில் போட்டான். கேட்டால் கொடுக்கிறவர்கள், கேட்காமல் எடுத்தால் சண்டைக்கு வருவார்கள். லயத்திலும் இதே கதைதான். மாமியாரின் பெட்டியை மருமகள் ஒதுக்கப் போய் வந்த சண்டைகளை நாம் எத்தனை விசாரித்திருப்போம்!

இனி, படம் பிடிக்கிற விஷயம். சாமானை வாசலில் ஒரே பாயில், ஒரே இடத்தில், வெளிச்சத்தில் வைத்து ஒரு படம். ஒன்று போதும், நாலு பக்கமும் பிடிக்க வேண்டியதில்லை. கொப்பியில் ஒரு வரி: திகதி, சாமான், எங்கே போனது. அவ்வளவுதான்.

படம் எதற்கு என்று கேட்பீர்கள். சாமானைப் பிடித்து வைத்திருப்பது பல நேரம் சாமான் மேலுள்ள ஆசையல்ல, அது ஞாபகப்படுத்துகிற ஆளின் மேலுள்ள ஆசை. சாமான் போனால் ஞாபகமும் போய்விடும் என்று பயம். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக விடுதியில் இதைப் பரீட்சித்து 2017இல் எழுதினார்கள். பழைய சாமான்களைத் தானம் செய்யச் சொல்லி விடுதிகளில் அறிவித்தல் போட்டார்கள். சில விடுதிகளில் வெறுமனே கொடுங்கள் என்றும், சில விடுதிகளில் ஞாபகமுள்ள சாமானைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு கொடுங்கள் என்றும் எழுதியிருந்தது. முதல் வகையில் வந்தது 533 சாமான். இரண்டாவது வகையில் 613. பெரிய மந்திரம் ஒன்றுமில்லை, ஆனால் கை கொஞ்சம் இளகுகிறது.

இதிலே ஒன்றை நாம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சாமானைத்தான் படம் பிடிக்க வேண்டும், வாங்குகிறவரைப் பிடிக்கவே கூடாது. ஒரு பை அரிசியை நாலு பேர் பிடித்துக்கொண்டு, வாங்குகிற ஏழையை நடுவில் நிறுத்திப் படம் எடுக்கிறதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். லயத்தில் அடுத்த காம்பராப் பிள்ளைக்குக் கொடுத்த சட்டையை ஊரெல்லாம் பார்க்கும்படி போனில் போட்டால், அந்தப் பிள்ளை பாடசாலைக்கு அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போகுமா? கொப்பியிலும் ஆளின் பெயர் வேண்டாம். "மேல் லயத்துக்கு" என்று எழுதினால் போதும்.

முதல் மாதம் முடிந்தது. கொப்பியைக் கூட்டிப் பார்த்து மகள் சந்தோஷமாகச் சொன்னாள், "28 சாமான் வெளிய எடுத்திட்டம்." நாம் அப்போது அங்கே லீவில் போயிருந்தோம். எங்கே போனது என்கிற பத்தியைப் பார்த்தோம். 9 சாமான் ஆட்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. 8 பழைய இரும்புக்காரருக்கு விற்றது. 6 குப்பைக்கு. மிச்சம் 5, கொடுப்பதற்கென்று உரப்பையில் கட்டிக் கதவு மூலையிலே கிடந்தது. அப்படியானால் கொடுத்தது எத்தனை? 28 அல்ல, 14ம் அல்ல, 9தான்.

இந்த எண்ணிக்கையில்தான் விஷயம் இருக்கிறது. கதவு மூலையில் கிடக்கிற பை வீட்டுக்குள்தான் கிடக்கிறது. இரண்டு மாதம் கிடந்தால் யாராவது பிரித்துத் திரும்பவும் உள்ளே எடுப்பார்கள், அல்லது எலி புகும். ஆகவே, ஒரு சாமான் இன்னொருவர் கைக்குப் போன நாளில்தான் அது "கொடுத்தது" என்ற பத்தியில் எழுதப்பட வேண்டும். இந்த ஒழுங்கை வைத்தபின், இரண்டாம் மாதம் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பையை வெறுமையாக்கினார்கள். அந்த மாதம் எடுத்தது 26. அதிலே 15 போய்ச் சேர்ந்தது. பையிலிருந்த பழைய 5ம் சேர, கொடுத்தது 20. எடுத்தது குறைய, கொடுத்தது கூட. அதுதான் நல்ல மாதம்.

குப்பைக்குப் போனதையும் விற்றதையும் ஏன் வேறாக எண்ண வேண்டும்? வெளியே போட்ட சாமான் எங்கோ ஓர் இடத்துக்குப் போகத்தானே வேண்டும். அம்பாறை மாவட்டத்துப் பல ஊர்களின் குப்பை பள்ளக்காடு என்ற இடத்தில் கொட்டப்பட்டது. அது காட்டோரம். காட்டு யானைகள் வந்து குப்பையைக் கிளறித் தின்னத் தொடங்கின. எட்டு வருஷத்தில் சுமார் 20 யானைகள் அங்கே பிளாஸ்டிக்கைத் தின்று செத்ததாக 2022 ஜனவரியில் உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. நமது வீட்டைத் துப்புரவாக்கி இன்னோர் இடத்தை நிரப்பினால் அது எண்ணிக்கைக்கு அழகில்லை. ஆகவே "குப்பை" பத்தியும் கொப்பியில் இருக்கட்டும். அது மாதாமாதம் குறைந்தால், வாங்கும்போதே யோசிக்கப் பழகியிருக்கிறோம் என்று அர்த்தம்.

தோட்டத்திலே இன்னொரு பழக்கமும் உண்டு. உள்ளேயிருந்து எடுத்ததை லயத்துப் பின்பக்கம் போடுவது. டின், வாளி, சிரட்டை, ஐஸ்கிரீம் கோப்பை, டயர் எதிலும் மழைத்தண்ணீர் தேங்கினால் ஒரு வாரம் பத்து நாளில் முட்டை நுளம்பாகிப் பறக்கும். தண்ணீர் வற்றினாலும் டெங்கு நுளம்பின் முட்டை பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழைக்குப் பொரிக்கும். ஆகவே இஸ்தோப்புக்கு வந்தது, லயத்துக்குப் பின்னால் போனது எதுவும் வெளியே போனதாகக் கணக்கில்லை.

சரி, கொடுக்கக்கூடியது எது? இதற்கும் சுனாமிதான் பாடம் படிப்பித்தது. அந்த நாட்களில் உலகமெல்லாம் இரங்கி உடுப்பு அனுப்பியது. ஆனால் வந்ததில் கொஞ்சமா நஞ்சமா உதவாதது! கடற்கரை வெக்கையில் இருக்கிறவர்களுக்குக் கம்பளிச் சட்டை, கிழிந்தது, அழுக்கானது, அந்த ஊர்ப் பெண்கள் உடுத்தவே மாட்டாத உடுப்பு. தமிழ்நாட்டுக் கரையிலும் இப்படித்தான் உடுப்பு மலைபோலக் குவிந்து, யாரும் எடுக்காமல் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. டில்லியில் 1999இல் அன்ஷு குப்தா என்பவர் தொடங்கிய கூஞ்ச் என்ற அமைப்பு அந்த உடுப்புகளைப் பொறுப்பெடுத்தது. தரம் பிரித்து, உடுக்கக்கூடியதை வேண்டியவர்களுக்கு அனுப்பி, மற்றதை வேறு பொருளாக மாற்றியது. அவருக்கு 2015இல் மக்சேசே விருது கிடைத்தது. கொடுக்கிறவர் வீட்டிலேயே தரம் பிரித்திருந்தால் அந்தக் குவியல் இருந்திருக்காது.

ராத்தா வீட்டில் வைத்த பரீட்சை ஒரு கேள்விதான்: "நம்மட பிள்ளைக்கு இத உடுத்தி வெளிய அனுப்புவமா?" ஆம் என்றால் கழுவிக் காயவைத்து, பொத்தானைத் தைத்து, மடித்துக் கொடுப்பது. சப்பாத்தென்றால் இரண்டையும் கயிற்றால் சேர்த்துக் கட்டிக் கொடுப்பது. இல்லை என்றால் அது துடைக்கிற துணி, அல்லது குப்பை. அதைக் கொடுத்து எண்ணிக்கையைக் கூட்டுவது, நமது குப்பையை இன்னொருவர் வாசலில் போடுகிற வேலை. திகதி முடிந்த மருந்தும், மிச்சம் பிடித்த மருந்தும் ஒருபோதும் கொடுக்கிற சாமான் ஆகாது.

நாலாவது அலுமாரித் தட்டில் ஒரு தடித்த கம்பளி இருந்தது. சுனாமிக்குப் பிறகு நிவாரணத்தில் கிடைத்தது. கல்முனை வெக்கையில் அதைப் போர்த்தினால் மூச்சு முட்டும். ஆனாலும் அந்தக் கெட்ட நாளில் யாரோ தந்தது என்று இத்தனை வருஷமும் மடித்து, பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்தார். நாம் கேட்டோம், "ராத்தா, இது எங்கட மலைக்குப் போனா ஒரு நாளும் மடிச்சுக் கிடக்காதே." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவரே வெயிலில் காயவைத்துத் தந்தார். பஸ்ஸில் நாமே கொண்டுவந்தோம். இன்றைக்கு நமது பிள்ளைக்காம்பராவில் சின்னப் பிள்ளைகள் மத்தியானம் அதில்தான் தூங்குகின்றன. கொப்பியில் அது இரண்டாம் மாதத்தில் எடுத்தது. ஆனால் இங்கே வந்து சேர்ந்த நாள்வரை மகள் அதைக் "கொடுத்தது" பத்தியில் எழுதவில்லை. நாம் போன் பண்ணிச் சொன்ன பிறகுதான் எழுதினாள். ஒரு சாமான் ஓர் இடத்தில் பாரமாகவும் இன்னோர் இடத்தில் தேவையாகவும் இருக்கிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

எல்லாமே இப்படி நல்லபடி நடந்ததென்று நினைக்க வேண்டாம். இரண்டாம் மாதத்தில் எடுத்ததில் நாலு சாமான் திரும்ப அலுமாரிக்குள் போயிற்று. அதிலொன்று எமது தாயின் வெற்றிலைத் தட்டம். ராத்தா அதைப் பாயில் வைத்து, படமும் பிடித்தாயிற்று. அன்றிரவு, "இதக் குடுத்தா உம்மாட கையே போயிரும்போல கெடக்கு" என்று சொல்லித் திரும்ப எடுத்து வைத்தார். மகள் கணக்கிலிருந்து வெட்டினாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. படம் பிடித்தால் எல்லாம் கொடுத்துவிடலாம் என்பது பொய். ஒரு சாமானைத் திரும்ப எடுப்பது தோல்வியுமல்ல. அந்தத் தட்டம் இப்போது பின்வளவு வீட்டில் முன்னறையில், கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. முன்பு அது பதினேழு பாத்திரத்துக்கு அடியில் கிடந்தது.

இந்த இடத்தில் ஒரு குறிப்பு. சிலருக்கு ஒரு வெறும் டின்னைக் கூட விட முடியாமல் போகும். எடுத்தால் உடம்பு நடுங்கும், நித்திரை வராது, படுக்கிற இடமும் சாமானால் நிறைந்துவிடும். இது பிடிவாதமாக இல்லாமல் ஒரு வருத்தமாகவும் இருக்கலாம். அந்த வீட்டில் இந்தக் கொப்பி வேலை செய்யாது. ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சாமானை அள்ளிப் போட்டால் நிலைமை மோசமாகும். அப்படியான ஆளை அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

நாலு மாத முடிவில் ராத்தா வீட்டின் கணக்கைச் சொல்கிறோம். திரும்ப எடுத்த நாலையும் கழித்து, வீட்டை விட்டுப் போனது 102 சாமான். அதிலே கொடுத்துச் சேர்ந்தது 65, விற்றது 20, குப்பைக்குப் போனது 17. நாளுக்கு ஒன்று என்றால் 120க்கு மேல் வந்திருக்க வேண்டும். சில நாள் தவறியது. தவறிய நாளுக்கு அடுத்த நாள் இரண்டு எடுக்கவில்லை; கடனாகச் சேர்த்தால் ஒரு வாரத்தில் அலுத்துப்போகும் என்று விட்டுவிட்டார்கள்.

கடைசிப் பக்கத்தில் இன்னொரு பத்தியையும் மகள் வைத்திருந்தாள்: உள்ளே வந்தது. கல்முனைப் பஸாரில் வாங்கியது, மருதமுனைச் சாரம் உட்பட அன்பளிப்பாக வந்தது, எல்லாம் சேர 31. கலியாணப் பரிசு இதில் சேரவில்லை. ஆக, உண்மையில் வீடு இலேசானது 71 சாமானால். இந்தப் பத்தி இல்லாவிட்டால் கணக்கு நம்மை ஏமாற்றும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொண்டே இருந்தாலும் "கொடுத்தது" பத்தி பெரிதாகத்தான் தெரியும்.

குறித்த நாளில் சாவி கைமாறியது. தாயும் மகளும் பேசிக்கொண்டே மாறினார்கள். லொறி தேவைப்படவில்லை.

இனி நமது லயங்களில் இதை எப்படிச் செய்வது? கரையோரத்தில் கொடுக்க ஆள் தேட வேண்டியதில்லை. சொந்தபந்தம் ஒரே தெருவில். நமக்கு வேறொரு சிக்கல். ஒரே லயத்தில் எல்லோருக்கும் ஒரே சம்பளம். ஒருவரிடம் ஒருவர் பழையதை வாங்க வெட்கம். இதற்காகப் பிள்ளைக்காம்பராவில் ஒரு மேசை போட ஏற்பாடு செய்திருக்கிறோம். சனிக்கிழமை பின்னேரம் கழுவி மடித்ததை அதில் வைக்கலாம். பாடசாலை வெள்ளைச் சட்டை, சப்பாத்து, பிள்ளைகளின் சுவெட்டர், குடை, பாத்திரம் எதுவும். உடுப்பில் எத்தனை வயதுப் பிள்ளைக்கு என்று ஒரு துண்டு குத்திவிடுங்கள். எடுக்கிறவர் எடுத்துப் போகட்டும். யார் வைத்தது, யார் எடுத்தது என்று எழுத மாட்டோம். மேசையிலிருந்து போனால்தான் உங்கள் கொப்பியில் "கொடுத்தது". மூன்று சனிக்கிழமை யாரும் எடுக்காவிட்டால் வைத்தவர் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நமது காம்பராக் குப்பை பிள்ளைக்காம்பராக் குப்பையாகிவிடும்.

போன் இல்லாத வீட்டில் படத்துக்குப் பதில் பிள்ளையைக் கொண்டு சாமானைக் கொப்பியில் கீறச் சொல்லுங்கள். கூடை, வாளி, சப்பாத்து இவற்றைக் கீற எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். போன் உள்ளவர்கள், மாத முடிவில் முப்பது படத்தில் வேண்டிய ஐந்தாறை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாம். இல்லாவிட்டால் காம்பராவில் இருந்த நெரிசல் போனுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வாசலில் எமது எழுதுவினைஞர் தம்பி கொப்பிகளோடு நிற்கிறார். வீட்டுக்கு ஒன்று. ஐந்து பத்தி கோடு போட்டிருக்கிறது: எடுத்தது, கொடுத்தது, விற்றது, குப்பை, உள்ளே வந்தது. இன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கடதாசியை மட்டும் ஒதுக்குங்கள். நாளைப் பின்னேரம் கேத்தல் வைக்கும்போது முதல் சாமான். அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொப்பியைக் கொண்டு வாருங்கள். இரண்டாவது பத்தியைக் கூட்டி, முழுத் தோட்டத்துக்கும் ஓர் எண்ணிக்கை பார்ப்போம்.